விமானம் ஏறும் முன் மூன்று நிமிடம் (வீடியோ ஸ்கிரிப்ட்)

[திரையில்: ஒப்பந்தத் தாள், சம்பள வரியின் மேல் ஒரு விரல்]

வணக்கம். கட்டட வேலைக்குக் கத்தார் கிளம்பும் அண்ணன் தம்பிகளே, நானும் அங்கே கம்பி கட்டினவன்தான். 2018இல் ஏஜெண்ட் வாயால் சொன்னது 1,500 ரியால். தோஹாவில் இறங்கிய பிறகு நீட்டிய தாளில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 800தான் இருந்தது, படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களுக்கு அப்படி ஆகவே கூடாது.

அதனால் ஒப்பந்தத்தை இங்கேயே, கிளம்புவதற்கு முன்பே கையில் வாங்குங்கள். புரியாத மொழியில் இருந்தால் தெரிந்தவரிடம் கொடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள். அங்கே போனதும் வேறு தாள் நீட்டினால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சம்பளம் குறைந்திருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

[திரையில்: 1000 + 300 + 500]

சம்பளத்தில் முதலில் பார்க்க வேண்டியது பேசிக். ஏஜெண்ட் “1,800” என்றால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள், பேசிக் எவ்வளவு என்று கேளுங்கள். கத்தாரில் 2021 மார்ச் முதல் பேசிக் 1,000 ரியாலுக்குக் குறையக்கூடாது. சாப்பாடு தராவிட்டால் 300, தங்குமிடம் தராவிட்டால் 500 கூடுதலாகத் தர வேண்டும். ஓவர்டைம், வேலையை விட்டுக் கிளம்பும்போது வரும் கிராஜுவிட்டி எல்லாமே பேசிக்கை வைத்துத்தான் கணக்கு, மொத்தத் தொகையை வைத்து இல்லை. தினமும் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீர்கள் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள், பிரச்சினை வரும்போது அந்த நோட்டு பேசும். சம்பளம் வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும். பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடித்து வைப்பது அங்கே சட்டப்படி தவறு.

சரி, ஏஜெண்ட் விஷயம். அவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று emigrate.gov.in தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு 18% ஜிஎஸ்டி. லட்சக்கணக்கில் கேட்டால் விலகிவிடுங்கள், வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணத்தைச் சம்பாதித்து அடைக்கவே ஒரு வருடம் போய்விடும். கட்டும் பணத்துக்கு ரசீது வாங்குங்கள். விசிட் விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம், பிரவாசி பாரதீய பீமா யோஜனா இன்சூரன்ஸ்: விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் வந்தாலோ 10 லட்சம். பாலிசி நகலும் வீட்டில் இருக்கட்டும்.

[திரையில் எண்கள், 20 வினாடி]

சம்பளம் ஒரு மாதம் தவறினாலே பேசுங்கள். நான் ஐந்து மாதம் பொறுத்திருந்தேன், அது பெரிய தப்பு. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் உதவி மையம்: இந்தியாவுக்குள் 1800 309 3793, வெளிநாட்டிலிருந்து +91 80 6900 9901. மத்திய அரசின் உதவி எண், இந்தியாவுக்குள் 1800 11 3090. தோஹாவில் இந்தியத் தூதரகமும் இருக்கிறது, நேரில் போகலாம்.

வீடியோவை இங்கே நிறுத்திவிட்டு எண்களைப் போனில் சேமியுங்கள். போன் தொலைந்தால் என்ன செய்வது? அதனால் ஒரு தாளிலும் எழுதி, பாஸ்போர்ட் நகலோடு சட்டைப் பையில் வையுங்கள். இன்னொரு தாளில் எழுதி அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.