வாராந்தர மளிகை, காய்கறிச் சரக்கு குறித்து

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். நாற்பது பேர் அமரக்கூடிய எங்கள் உணவகத்துக்கு வாரந்தோறும் உங்களிடமிருந்தே சரக்கு எடுக்க விரும்புகிறேன்.

இதுவரை சரக்கு தந்தவர் விலையில் குறை வைக்கவில்லை. போன மாதம் வந்த முருங்கைக்காய்ப் பெட்டியில் மேல் வரிசை பச்சைப்பசேலென்று இருந்தது. அடியில் இருந்ததெல்லாம் முற்றி, விரலால் கீறினால் நார் நாராக வந்தது. சின்ன வெங்காயம் பாதி முளைவிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை சாம்பாருக்கு எங்கே போவது? பத்து பென்ஸ் குறைவாகக் கிடைப்பதைவிட, சொன்ன நாளில் சொன்ன தரத்தில் கிடைப்பதுதான் எனக்கு முக்கியம்.

வாரத் தேவை ஏறக்குறைய இதுதான்: சின்ன வெங்காயம் 15 கிலோ, பெரிய வெங்காயம் 50, தக்காளி 30, முருங்கைக்காய் 6, கத்தரிக்காய் 8, கொத்தமல்லித் தழை 40 கட்டு. மசாலாவில் தனியா 6 கிலோ, மிளகாய் வற்றல் 4, சீரகம் 2, மிளகு ஒன்றரை, கடுகு 1. பொடியெல்லாம் நாங்களே வறுத்து அரைப்பதால் அரைத்த தூள் எதுவும் வேண்டாம். மிளகாய் காம்போடு இருக்கட்டும். ஈரம் பட்டதாக இருக்கக் கூடாது. பூசணம் பிடித்தால் மூட்டையோடு போய்விடும்.

பெருங்காயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். கூட்டுப்பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை, கடுகு போன்ற ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி வாடிக்கையாளருக்குத் தெரிவிப்பது இங்கே எங்கள் சட்டக் கடமை. எனவே உட்பொருள்கள் அச்சிட்ட மூடிய பொட்டலமாகவே தாருங்கள். அரிசி மாவு கலந்தது இருந்தால் இன்னும் நல்லது.

திங்கள் எங்களுக்கு விடுமுறை. செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்குள் பின்வாசலில் இறக்கினால் போதும். ஏதேனும் வரத்துக் குறைந்தால் முந்தைய நாள் மாலைக்குள் சொல்லிவிடுங்கள், சமையல் பட்டியலை மாற்றிக்கொள்வேன். கேட்காமல் வேறொன்றை மாற்றி வைப்பதுதான் எனக்குப் பிடிக்காத வேலை. கெட்ட பெட்டியின் படத்தை அன்றே அனுப்பினால் அடுத்த பில்லில் கழித்துத் தர வேண்டும்.

காய்கறி விலை வாரத்துக்கு வாரம் மாறும் என்பது தெரியும். மசாலா விலையையாவது மூன்று மாதத்துக்கு ஒன்றாக வைக்க முடியுமா? முதல் நான்கு வாரம் கையோடு பணம் தருகிறேன். பிறகு பதினைந்து நாள் தவணை கொடுத்தால் உதவியாக இருக்கும்.

விலைப்பட்டியலோடு தனியாவிலும் மிளகாயிலும் கால் கிலோ மாதிரி அனுப்புங்கள். வறுத்துப் பார்த்துவிட்டு மறுநாளே பேசுகிறேன்.

இப்படிக்கு,
முருகேசன்
உணவக உரிமையாளர்