பொருள்: நவம்பர் 15இல் வரவேண்டிய கல் வரவில்லை – தவறு எங்களுடையது, இனி எது எப்போது வரும்

வணக்கம் மீனாட்சி மேடம்,

உங்கள் மதுரை வீட்டுக்கான 1,360 ஆத்தங்குடி கல்லும் நவம்பர் 15, சனிக்கிழமை சைட்டில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. கொத்தனாரை வரச்சொல்லி நீங்கள் காத்திருந்த நாள் அது. மன்னிக்க வேண்டுகிறோம்.

அதைவிடப் பெரிய தவறு இன்னொன்று உண்டு. கல் தாமதமாகும் என்பது 10ஆம் தேதியே எங்களுக்குத் தெரியும். 13ஆம் தேதி நீங்கள் வாட்ஸ்அப்பில் கேட்டபோது, "அனுப்பிடுவோம் மேடம்" என்று பதில் போட்டோம். எப்படியாவது சமாளித்துவிடலாம் என்ற நினைப்பில் போட்ட பதில் அது. அன்றே உள்ளதைச் சொல்லியிருந்தால் கொத்தனாரை வர வேண்டாம் என்று சொல்லியிருப்பீர்கள்.

நடந்தது இதுதான். நடுவில் பதிக்கும் பூக்கல் 960க்கும் எந்தக் குறையும் இல்லை. காய்ந்து, அடுக்கித் தயாராக இருக்கிறது. சிக்கல் பச்சை பார்டர் கல் 400இல். ஒரு கிலோ வெள்ளைச் சிமெண்டுக்கு 60 கிராம் பச்சை ஆக்ஸைடு என்பது உங்களுக்குக் காட்டிய மாதிரிக் கல்லின் அளவு. 400 கல்லுக்கும் வேண்டிய பொடியை ஒரே தடவையில் எடைபோட்டுக் கலந்து வைத்திருக்க வேண்டும். அப்படிச் செய்யவில்லை. முதல் கலவை 180 கல்லோடு தீர்ந்துபோனது. இரண்டாவது கலவைக்குத் தராசில் நிறுக்காமல் டம்ளரால் அளந்து போட்டிருக்கிறார்கள். ஆக்ஸைடு குறைந்துவிட்டது.

அச்சுக் கண்ணாடியிலிருந்து எடுக்கும்போதும் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும்போதும் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் படாது. ஈரக் கல் எல்லாமே கருத்துத்தான் தெரியும். நிழலில் காய்ந்த பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது 220 கல் வெளிறி நின்றது. தளத்தில் பதித்தால் வளவைச் சுற்றி ஒரு பக்கம் வாழையிலைப் பச்சையும் மறுபக்கம் சாயம்போன பச்சையுமாக இருக்கும். அதனால் அந்த 220ஐ ஒதுக்கிவிட்டோம். அதற்கான செலவு எங்களுடையது.

மழையை ஒரு காரணமாகச் சொல்லப் போவதில்லை. ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்யும் என்று தெரிந்துதான் தேதி கொடுத்தோம். ஒரு நாள்கூட உபரி வைக்காமல் கொடுத்தது எங்கள் கணக்குப் பிழை.

இப்போதைய நிலை

220 பச்சைக் கல்லையும் நவம்பர் 12, 13 தேதிகளில் திரும்ப அச்சில் போட்டாயிற்று. இந்தமுறை மொத்தப் பொடியும் ஒரே கலவை, தராசில் நிறுத்தது. 13, 14 தேதிகளில் தொட்டியில் இறக்கினோம். பத்து நாள் தண்ணீர், அதாவது 23, 24 வரை. பிறகு குறைந்தது ஏழு நாள் நிழலில் காய வேண்டும். அது டிசம்பர் 1. மறுநாள் தரம் பிரித்துக் கட்டினால் டிசம்பர் 3, புதன்கிழமை வண்டி ஏறும். மழை விடாமல் பிடித்தால் கல் காய இன்னும் மூன்று நாள் பிடிக்கும். அப்போது டிசம்பர் 6, சனிக்கிழமை.

3ஆம் தேதிக்கு முன்னால் அனுப்ப வழியில்லை. தண்ணீரில் கிடக்கும் நாளைக் குறைத்தால் கல் பலம் பிடிக்காது, பதிக்கும்போதே ஓரம் உதிரும். ஈரத்தோடு கட்டி அனுப்பினால் மேலே வெள்ளையாக உப்புப் பூக்கும், வைக்கோல் கறையும் ஏறும். ஐந்து கல்லை அடையாளம் போட்டு வைத்துத் தினமும் நிறுத்துப் பார்ப்போம். இரண்டு நாள் தொடர்ந்து எடை இறங்காமல் நின்றால்தான் கட்டுவோம். 3ஆ 6ஆ என்பதை நவம்பர் 28, வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் போனில் சொல்கிறோம். நல்ல செய்தியாக இல்லாவிட்டாலும் போன் வரும்.

நீங்கள் முடிவு செய்ய வேண்டியது

டிசம்பர் 11 அன்று பால் காய்ச்ச நாள் குறித்திருக்கிறீர்கள். அது தவறினால் மார்கழி தாண்டித் தை வரை காத்திருக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். பச்சைக் கல் 3ஆம் தேதி வந்தால் பார்டர் பதித்து, இரண்டு மூன்று நாள் மிதிக்காமல் விட நேரம் இருக்கிறது. 6ஆம் தேதி வந்தால் 11க்குள் தளம் நடக்கத் தயாராகும் என்று எங்களால் சொல்ல முடியாது. ஆகவே இரண்டு வழி:

ஒன்று, பச்சைக்கே காத்திருப்பது.

இரண்டு, வளவுச் சுற்றுக்கு மட்டும் வெறும் கறுப்புக் கல். அதே 10 அங்குல அளவில் 250 கல் காய்ந்த சரக்காகக் கையில் இருக்கிறது, உடனே வரும். பூ வேலை இல்லாததால் விலை குறைவு, பில்லில் கழித்துவிடுவோம். ஆனால் வரைபடத்தில் நீங்கள் ஆசைப்பட்ட தோற்றம் இது இல்லை. இப்போது கறுப்பைப் பதித்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். பெயர்த்தால் பக்கத்துப் பூக்கல்லும் உடையும்.

எதுவானாலும் 19ஆம் தேதி, புதன் மாலைக்குள் சொன்னால் போதும். பூக்கல் 960, சரியான பச்சை 180 இரண்டும் 20ஆம் தேதி, வியாழன் காலை இங்கிருந்து கிளம்பும். சுமார் 3 டன், ஒரே மினி லாரியில் வந்துவிடும். கறுப்பு வேண்டுமென்றால் அதே வண்டியில் ஏற்றுகிறோம்.

கொத்தனாருக்கு

இந்த 180 பச்சையும் பின்னால் வரும் 220உம் வேறு வேறு கலவை. எவ்வளவு நிறுத்தாலும் கைவேலையில் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கும். ஒரே வரிசையில் கலக்க வேண்டாம். 180ஐ முகப்புக்கும் பூஜை அறைக்கும் வைத்துக்கொண்டால் வளவுச் சுற்றுக்கு 220 சரியாக வரும்.

வளவில் நடுப்பகுதியை இப்போதே பதிக்கலாம். ஓரத்தில் பார்டர் அகலத்துக்குக் கலவை போடாமல் விட வேண்டும். எவ்வளவு விடுவது என்பதற்கு அளவுநாடாவை மட்டும் நம்பாமல், முதல் வண்டியில் வரும் பச்சைக் கல் நான்கைந்தைச் சுவரோரம் கலவை இல்லாமல் வைத்துப் பார்த்துவிட்டுக் கோடு போடச் சொல்லுங்கள். கல்லை இறக்கியதும் படுக்க வைத்து அடுக்காமல் நிறுத்தி வைக்கட்டும். வேலை முடிந்து சிமெண்டுக் கறை போக ஆசிட் ஊற்றவே கூடாது, வண்ணத்தை அரித்துவிடும்.

பணம்

பாக்கித் தொகையில் முதல் வண்டியில் இறங்கும் கல்லுக்கு மட்டும் இப்போது கொடுத்தால் போதும். இரண்டாவது வண்டி வாடகை எங்களுடையது. 15ஆம் தேதி வேலையில்லாமல் திரும்பிய கொத்தனார், சித்தாள் கூலியை எழுதி அனுப்புங்கள். இரண்டு நாள் கூலி வரை பில்லில் கழிக்கிறோம். அதற்கு மேல் ஏற்க எங்களால் இயலாது. பச்சைக் கல்லே வேண்டாம் என்று முடிவு செய்தால் அந்த 220க்கு நீங்கள் கொடுத்த முன்பணம் முழுவதும் திரும்ப வரும்.

வெளிறிய கல், சரியான கல், மாதிரிக் கல் மூன்றையும் காய்ந்த நிலையில் வெயிலில் வைத்து எடுத்த படத்தை இணைத்திருக்கிறோம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் 220 கல்லும் பட்டறையில் தனியாக அடுக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
சொக்கலிங்கம்
உற்பத்தி, அனுப்புகைப் பொறுப்பு
ஆத்தங்குடி
17 நவம்பர் 2025