அவுட்போர்டு என்ஜின் பராமரிப்பு: காணொளிப் பாடத்துக்கான திட்டம்

மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிமடம் பட்டறையில் பேசியதை எழுதித் தரச் சொன்னீர்கள். நான் நினைத்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு, வேண்டாம் என்பதை அடித்து அனுப்புங்கள்.

எது உள்ளே, எது வெளியே

நீங்கள் முதலில் சொன்னது, என்ஜினை முழுசாகப் பிரித்துக் கோர்ப்பது வரை கற்றுக்கொடுக்கலாம் என்று. அது வேண்டாம் மாமா. கிராங்க் கேஸைப் பிரித்தால் திரும்ப மூடும்போது போல்ட்டை எந்த வரிசையில், எவ்வளவு இறுக்கத்தில் முடுக்குவது என்பதை உங்கள் கை 20 வருஷத்தில் கற்றது. போனில் பார்த்து ஒருவர் செய்தால் நல்ல என்ஜினும் கெட்டுப்போகும். அப்புறம் அவர் நம்மைத்தான் திட்டுவார்.

பட்டறைக்கு வரும் என்ஜின்களில் பாதிக்கு மேல் உப்பாலும் தண்ணீராலும் கெட்டது என்று நீங்களே சொல்வீர்கள். அதனால் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வோம்: கடலுக்குப் போய்வந்த டூ ஸ்ட்ரோக் என்ஜினைக் கரையில் அரை மணி நேரம் எப்படிப் பார்த்துக்கொள்வது, நடுக்கடலில் நின்றால் பதறாமல் எதை முதலில் பார்ப்பது? ஃபோர் ஸ்ட்ரோக், உள்ளே வைக்கும் டீசல் என்ஜின், எலக்ட்ரானிக் பற்றவைப்பு எதுவும் இதில் கிடையாது. அதை முதல் பாடத்திலேயே சொல்லிவிட வேண்டும், காசு கட்டியவர் பிறகு ஏமாறக் கூடாது.

பாடங்கள்

மொத்தம் 14. ஒவ்வொன்றும் 5 முதல் 8 நிமிடம். முதல் 3 பாடம் இலவசம்: பாதுகாப்பு, என்ஜினின் பாகங்கள், நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவுவது. பாதுகாப்பில் ஒன்றை விடாதீர்கள்: புரொப்பல்லரில் கை வைக்கும் முன் நிறுத்தும் கிளிப்பைக் கழற்றிப் பையில் போட வேண்டும். போன வருஷம் பக்கத்து ஊரில் ஒரு பையனின் விரல் போனது உங்களுக்குத் தெரியும்.

கழுவும் பாடம் இலவசம் என்றால் விற்பனை குறையுமே என்று கேட்பீர்கள். குறைந்தாலும் பரவாயில்லை. காசில்லாதவர் என்ஜினும் இந்த ஒன்றால் பிழைக்கும். டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி 10 நிமிடம் மெதுவாக ஓட்டுவது, பக்கத்தில் பீய்ச்சும் தண்ணீரைப் பார்ப்பது, கடைசியில் பெட்ரோல் குழாயைக் கழற்றிக் கார்புரேட்டரைக் காலியாக்குவது. தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் இம்பெல்லர் ரப்பர் சில நொடிகளிலேயே கருகும். கருகிய ஒன்றையும் புதிய ஒன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

மீதி 11-ல் எரிபொருளுக்கு 3. இதற்கு நிறைய நேரம் கொடுத்திருக்கிறேன். ஆயில் கலவை 50-க்கு 1, அதாவது 10 லிட்டருக்கு 200 மில்லி. சிலர் கண்ணளவில் ஊற்றுகிறார்கள், அளவுக் குவளையோடு காட்டுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நிறையத் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும். வாரக்கணக்கில் வைத்த பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, அடியில் கோடு விழுவதைக் காட்டினால் பேசவே வேண்டியதில்லை.

அப்புறம் பிளக்குக்கு 2, இம்பெல்லர் மாற்ற 2, கியர் ஆயிலுக்கு 2, நடுக்கடலில் நின்றால் பார்க்கும் வரிசைக்கு 2.

ஒவ்வொரு பாடமும் பழுதிலிருந்துதான் தொடங்க வேண்டும், பெயரிலிருந்து அல்ல. கியர் ஆயில் பாடத்தை இப்படி நினைத்திருக்கிறேன். உங்கள் கை மட்டும் தெரியும். கீழ் ஸ்குரூவைக் கழற்றுகிறீர்கள், பால் மாதிரி வெள்ளையாக ஒழுகுகிறது. "இது ஆயில் இல்லை, ஆயிலும் கடல் தண்ணீரும்" என்று சொல்லிவிட்டு, புரொப்பல்லரைக் கழற்றி ஷாஃப்டில் சுற்றியிருக்கும் தங்கூசி நரம்பை இடுக்கியால் இழுங்கள். நரம்பு சீலை அறுத்தது, சீல் வழியாகத் தண்ணீர் வந்தது. புது சீல் போட்ட பிறகு ஆயிலைக் கீழ் ஓட்டையிலிருந்து ஏற்றி, மேல் ஓட்டையில் வழிந்ததும் முதலில் மேல் ஸ்குரூவையும் பிறகு கீழ் ஸ்குரூவையும் மூடுங்கள். கீழ் ஸ்குரூவை முதலில் மூடக் கூடாது என்பதற்கு நீங்கள் சொல்லும் காரணத்தையும் அப்படியே பேசுங்கள்.

பேச்சு நம்ம ஊர்ப் பேச்சாகவே இருக்கட்டும். நாகப்பட்டினத்திலிருந்து குமரி வரை பார்ப்பார்கள் என்பதால் பாகத்தின் பெயர்களை மட்டும் கடையில் கேட்கும் சொல்லோடு திரையில் போடுகிறேன்.

படப்பிடிப்பு

கச்சான் வீசும் மாதங்களில் வெளியில் ஒலி எடுக்கவே முடியாது. வைகாசியில் கல்யாண வீடியோவுக்கு நான் பட்ட பாடு போதும். ஐப்பசி, கார்த்திகை மழை. மாசியில் எடுக்கலாம், காலை 6 முதல் 9 வரை, பட்டறைக் கதவைச் சாத்தி. ஒரு நாளைக்கு 2 பாடம் போதும்.

எங்கே வைப்பது

இலவசம் 3-ம் யூடியூபில். மீதியை யூடியூபில் பட்டியலிடாத இணைப்பாகக் கொடுக்கலாம் என்று தம்பி சொன்னான். இணைப்பு கையில் கிடைத்த யாரும் பார்க்கலாம், இரண்டே நாளில் எல்லா வாட்ஸப் குழுவிலும் போய்விடும். அதனால் பாடம் விற்கும் தளம் ஒன்றை எடுக்கலாம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் கேட்கிறார்கள். திரையைப் பதிவு செய்து பகிர்பவரை அதிலும் முழுசாகத் தடுக்க முடியாது. ஆனால் பாடத்தைச் செயலிக்குள் இறக்கி வைக்கலாம். கடலில் சிக்னல் இல்லாதபோதுதான் நடுக்கடல் பாடம் தேவைப்படும், அதனால் எனக்கு இதுதான் பெரிய காரணம்.

விலை

செலவு: பழைய என்ஜின் 6,000, தளம் 6,000, எடிட்டிங் பாடத்துக்கு 500 வீதம் 7,000, மைக் 2,500, விளக்கு 1,800, சில்லறை 700. மொத்தம் 24,000.

விலை 399. முதல் 50 பேருக்கு 249. பணம் வாங்கும் சேவைக்கு 2 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் போனால் கையில் சுமார் 389, 243 நிற்கும். முதல் 50 பேரில் 12,000 சொச்சம் வரும், அதற்கு மேல் 31 பேர் வாங்கினால் போட்ட பணம் திரும்பிவிடும். 81 பேர், அவ்வளவுதான். 20 லட்சத்துக்குக் கீழ் வருமானம் இருக்கும்வரை நாம் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை என்று ஆடிட்டர் சொன்னார்.

999 வைக்கலாம் என்றார் அத்தை. ஒரு நாள் கடலுக்குப் போகாமல் என்ஜின் நின்றால் ஆகும் நட்டத்தைப் பார்த்தால் 999-ம் நியாயம்தான். ஆனால் படகில் கூலிக்குப் போகும் பையன்கள்தான் என்ஜினைத் தொடுகிறார்கள், அவர்களால் 999 முடியாது. மீனவர் சங்கம் சேர்ந்து வாங்கினால் 10 பேருக்கு 2,500. ஒரு போனில் நாலு பேர் பார்த்தாலும் கேட்க வேண்டாம். வாங்கி 7 நாளுக்குள் வேண்டாமென்றால் பணம் திரும்ப.

செலவு கழித்த வருமானத்தில் உங்களுக்கு 60, எனக்கு 40. பாதிப் பாதி என்று நீங்கள் சொன்னீர்கள், வித்தை உங்களுடையது, நான் கேமரா மட்டும்தான்.

வெட்டிக் காட்டுவதற்குப் பழைய என்ஜினைத் தை முடிவதற்குள் பார்த்து வையுங்கள். கியர் பாக்ஸ் சீல் கெட்டதாக இருந்தால் நல்லது, பால் வடிவதை நிஜமாகவே எடுத்துவிடலாம்.