தேயிலை பற்றிய உங்கள் செய்திக்குப் பதில்

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். இந்தத் தடவை வாங்கிய தேயிலையில் போன தடவை மாதிரிச் சாயம் இறங்கவில்லை, ஆறினால் கலங்குகிறது என்று வவுனியாவில் இருந்து நீங்கள் அனுப்பிய செய்தியும் படமும் நேற்று இரவு கிடைத்தன. காலையில் கடையைத் திறந்ததும் அதே பெட்டியில் இருந்து ஒரு கரண்டி எடுத்து ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன தடவை நீங்கள் வாங்கியது டஸ்ட். சின்னத் தூள் என்பதால் சுடுதண்ணி பட்டதும் சாயம் இறங்கிவிடும், பால்மா போட்டாலும் நிறம் நிற்கும். இந்தத் தடவை கேட்டு வாங்கியது பி.ஓ.பி., அதைவிடப் பெரிய வெட்டு. அதிலும் இது பெப்ரவரியில் பறித்த கொழுந்து. ஜனவரியில் இருந்து மார்ச் வரை ஹட்டன் பக்கம் பகலில் நல்ல வெயில், இரவில் கடும் குளிர். கொழுந்து மெதுவாகத்தான் வளரும். வாசம் ஏறும், சாயம் மெலிதாக இருக்கும். கறுப்பாக இறங்க வேண்டுமென்றால் இரத்தினபுரி, காலிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை வேண்டும். நாலாயிரம் அடிக்கு மேலே விளைவதில் அதை எதிர்பார்க்க முடியாது.

ஆறிய தேத்தண்ணி கலங்கிப்போய் இருந்ததைப் பார்த்து, ஏதோ கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். கோபமில்லை டீச்சர், கேட்டதுதான் நல்லது. நல்ல தேயிலை ஆறினால் இப்படிக் கலங்கும். அதே கோப்பையைத் திரும்பச் சூடாக்கிப் பாருங்கள், தெளிந்துவிடும். இன்னும் மனது கேட்காவிட்டால் ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவி விடுங்கள். சாயம் பூசிய தூள் என்றால் விழுந்த உடனேயே நிறம் ஓடும். இது சும்மா மிதக்கும், நிறம் வர நேரம் எடுக்கும்.

ஊற்றும்போது தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி போட்டு, மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். பால் சேர்க்காமல் குடித்தால்தான் இதன் அருமை தெரியும். விற்கிறவன் சொல்லக் கூடாதுதான், ஆனால் பால் தேத்தண்ணிக்கு இது வீண்செலவு.

உங்கள் வீட்டில் எல்லோரும் பால் தேத்தண்ணிதான் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் உடைக்காத இரண்டு பொதியையும் அப்படியே திருப்பி அனுப்புங்கள், டஸ்ட் மாற்றித் தருகிறேன். டஸ்ட் விலை குறைவு. மிச்சக் காசை உங்கள் வங்கிக் கணக்கில் போட்டுவிடுவேன். இரண்டு பக்கத் தபால் செலவும் என்னுடையது. உடைத்த பொதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், விருந்தாளி வந்தால் உதவும். மசாலாத் தூள் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், தேயிலை வாசத்தை இழுத்துவிடும்.

பொதிக்குள் பற்றுச்சீட்டையும் போட்டு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமையும் போயா நாளும் தபால் போகாது, மற்ற நாட்களில் பொதி கைக்கு வந்த அன்றே இங்கிருந்து அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தேயிலைக் கடைக்காரர்,
ஹட்டன்