வழி கேட்கிற மாதிரி கேளுங்கள்

(கணினி அறிவியல் துறையின் முதலாண்டு அறிமுக நாளில் துறைத் தலைவர் பேசியது)

முதல்வர் ஐயாவுக்கும், எங்கள் துறை ஆசிரியர்களுக்கும், "நாலரை பஸ்ஸைப் பிடிக்கணுமே" என்று மணியைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெற்றோருக்கும் வணக்கம். பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். துறையின் பெருமையை எல்லாம் முதல்வர் ஐயாவே சொல்லிவிட்டார், எனக்கு வேலை மிச்சம்.

முதலாண்டுப் பிள்ளைகளே, நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசப்போகிறேன். புரோகிராம் எழுதப் பழகும்போது உதவி கேட்பது எப்படி என்பது. இதற்கு ஒரு பேச்சா என்று தோன்றும். இருபத்திரண்டு வருடமாக முதலாண்டு வகுப்பு எடுக்கிறேன். பாதியில் தடுமாறிப் போனவர்களை நினைத்துப் பார்த்தால், கணக்கு வராததால் போனவர்கள் குறைவு. இரண்டாம் வாரத்தில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்காமல், ஐந்தாம் மாதம் வரை இழுத்துக்கொண்டு வந்தவர்கள்தான் அதிகம்.

மதுரைக்குள் போய் வழி கேட்டிருப்பீர்கள். மாசி வீதிக்கு எப்படிப் போவது என்று கேட்டுப் பாருங்கள், உடனே பதில் வராது. "எந்த மாசி வீதி? கிழக்கா, மேற்கா? இப்ப எங்கிட்டு இருந்து வர்றீக?" என்றுதான் திரும்பக் கேட்பார்கள். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, அப்புறம் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் நான்கு திசை. நீங்கள் எந்த வீதியில், எந்தத் திசையில் நிற்கிறீர்கள் என்று தெரியாமல் எப்பேர்ப்பட்ட மதுரைக்காரராலும் வழி சொல்ல முடியாது. மானத்துக்குப் பயந்து, ஆவணி மூல வீதியில் நின்றுகொண்டே "மாசி வீதிக்கு வந்துட்டேன்" என்று போனில் சொன்னால் என்ன ஆகும்? சொல்கிறவர் சரியாகத்தான் சொல்வார். நீங்கள்தான் தப்பாகப் போய்ச் சேர்வீர்கள்.

லேபில் தினமும் நடப்பது இதுதான். "மேடம், எரர் வருது." என்ன எரர் என்றால், "தெரியலை மேடம், க்ளோஸ் பண்ணிட்டேன்." அதற்கு முன்னால் என்ன மாற்றினாய் என்றால், "ஒண்ணுமே மாத்தலை மேடம்." பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை சிரிக்கும், நாலு வரி மாற்றியதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தது!

போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸாக மாற்றும் புரோகிராம், நீங்களும் இரண்டாவது வாரத்தில் எழுதுவீர்கள். திரையில் தெரிகிறதா? பின்னால் இருக்கிறவர்கள் கொஞ்சம் எழுந்து பாருங்கள்.

```c
int f = 98;
float c = 5 / 9 * (f - 32);
printf("%f\n", c);
```

ஒரு பையன் வந்து, "மேடம், அந்த மிஷின் சரியில்லை, வேற மிஷின் குடுங்க" என்றான். கொடுத்தோம். அதிலும் வரவில்லை. அன்றைய லேப் நேரம் முழுக்க மிஷின் மாற்றியே போனது. ஒரு பெண் வந்தாள், நோட்டோடு. "98 குடுத்தேன் மேடம். கையால போட்டுப் பார்த்தா 36.67 வரணும். 0.000000 வருது. 100 குடுத்தாலும் அதேதான், 212 குடுத்தாலும் அதேதான். ஃபார்முலாவைப் புத்தகத்தோட ஒத்துப் பார்த்துட்டேன். எங்கே தப்புன்னு தெரியலை."

கடைசியில் தெரியலை என்றுதான் அவளும் சொன்னாள். ஆனால் எதைக் கொடுத்தாலும் பூஜ்யம் என்று சொன்னபோதே, எங்கோ ஒரு பூஜ்யத்தால் பெருக்குகிறோம் என்பது வெளியே வந்துவிட்டது. "5 / 9 மட்டும் தனியா பிரிண்ட் பண்ணிப் பாரும்மா" என்றேன். அவ்வளவுதான் நான் செய்த உதவி. 0 என்று வந்தது. சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் புள்ளிக்குப் பிறகு வருவதை அது வெட்டிவிடும். 5.0 / 9 என்று எழுதினால் சரி. அந்தப் பெண் இனி இதை மறக்கமாட்டாள். மிஷின் மாற்றிய பையன், பாவம், அடுத்த வாரம் சராசரி கண்டுபிடிக்கும் புரோகிராமில் அதே பள்ளத்தில் விழுந்தான்.

என்ன கொடுத்தீர்கள், என்ன வரவேண்டும், என்ன வந்தது, அதற்கு என்னென்ன செய்து பார்த்தீர்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டால் போதும். பாதி நேரம், இதை நோட்டில் எழுதும்போதே விடை பிடிபட்டுவிடும், எங்களிடம் வரவே தேவையிருக்காது. வரவில்லை என்று நாங்கள் கோபித்துக்கொள்ளவும் மாட்டோம்.

எரர் செய்தியை மட்டும் உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லாதீர்கள். `expected ‘,’ or ‘;’ before ‘printf’` என்று வந்தால் எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். அது printf இருக்கிற வரியைக் காட்டும். நீங்களும் அந்த வரியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். விட்டுப்போன அரைப்புள்ளி அதற்கு மேல் வரியின் கடைசியில் இருக்கும். செய்தியில் உள்ள "before" என்ற சொல் அதைத்தான் சொல்கிறது. முப்பது எரர் வந்தாலும் பயப்படாமல் முதல் எரரை மட்டும் பாருங்கள். அதைச் சரிசெய்தால் பாதி தானாகப் போய்விடும்.

மற்றபடி கேள்வியைத் தமிழில் கேளுங்கள். இங்கிலீஷில் எப்படிக் கேட்பது என்று யோசித்து யோசித்தே கேட்காமல் விட்டவர்கள் உண்டு. இப்போது பேசிக்கொண்டிருக்கிற ஆளே அப்படித்தான்.

நானும் உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைதான். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். 1997-இல் கல்லூரியில் சேர்ந்தேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம், விடுங்கள். வகுப்பில் சார் "புரியுதா?" என்பார். எல்லாத் தலையும் ஆடும், என் தலையும் ஆடும். ரெக்கார்டு நோட்டை ஹாஸ்டல் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதினேன். எழுத்து மாறாமல், புள்ளி மாறாமல். செமஸ்டர் கடைசியில் பிராக்டிகல் தேர்வு. எக்ஸ்டர்னலாக வந்தவர் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நிறுத்தினார். "இந்த ரெஜிஸ்டர் நம்பர் யாருதும்மா?" என்றார். அவுட்புட்டில் தோழியின் நம்பரையும் சேர்த்தே எழுதி வைத்திருந்தேன்.

அவர் திட்டவில்லை. "சரி, ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் பிரிண்ட் பண்ணு, போதும்" என்றார். அதுவும் வரவில்லை. அரியர் விழுந்தது. வீட்டில் என்ன சொன்னேன் என்று இங்கே பெற்றோர் முன்னால் சொல்ல மாட்டேன்.

விடுமுறை முடிந்து திரும்பியதும் அதே தோழியிடம் போய், "எனக்கு for லூப் தெரியாதுடி. முதல் நாளிலிருந்தே தெரியாது" என்றேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் மெஸ்ஸில் போய் ஒரு கை புளியங்கொட்டை வாங்கி வந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் "இப்ப i எத்தனை? இன்னும் எடுக்கலாமா, நிறுத்தணுமா?" என்று கேட்டாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அரை மணிக்காக நான் ஆறு மாதம் நடித்திருக்கிறேன்.

தப்பு வருவது உங்களுக்கு மட்டும் வருகிற நோய் இல்லை. 1949-இல் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கணினியை ஓட வைத்தவர் மாரிஸ் வில்க்ஸ். இனி என் வாழ்நாளில் கணிசமான பகுதி என் புரோகிராமில் உள்ள தப்பைத் தேடுவதிலேயே போகப்போகிறது என்பது அப்போதே தனக்கு உறைத்ததாகப் பின்னாளில் எழுதினார். கணினியையே கட்டியவருக்கு அந்தக் கதி. உங்களுக்கு அரைப்புள்ளி விட்டுப்போனால் குடிமுழுகிவிடாது.

இனி, கொஞ்சம் கசப்பான பேச்சு. உதவி வாங்குவதும் பார்த்து எழுதுவதும் ஒன்று இல்லை, ஆனால் பக்கத்துப் பக்கத்து வீடு. சீனியர் அக்கா விளக்கி, நீங்கள் எழுதினால் அது படிப்பு. அக்கா எழுதியதை வாங்கி வேரியபிள் பெயரை மட்டும் மாற்றிக் கொண்டுவந்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும். total என்பதை tot ஆக்கியவர்களை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். எப்படிக் கண்டுபிடிப்போம் என்றால், ஒரு வரியைக் காட்டி, இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று வைவாவில் கேட்போம். எழுதியவருக்கு அது ஒரு கேள்வியே இல்லை.

அதனால் எங்கள் துறையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். யார் உதவினாலும் புரோகிராமில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

```c
/* < இல்லை, <= வரவேண்டும் என்று பக்கத்து சிஸ்டம் தோழி சொன்னாள் */
```

தமிழிலேயே எழுதலாம், கமென்டுக்குள் என்ன இருக்கிறது என்று கம்பைலர் பார்ப்பதில்லை. இதற்கு ஒரு மதிப்பெண்ணும் குறைக்க மாட்டோம். எழுதாமல் விட்டு, கேட்டபோது "நானே எழுதினேன்" என்று சொன்னால் அந்தப் புரோகிராமை மறுபடி என் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். முழுவதையும் பார்த்து எழுதிவிட்டு வந்து, "மேடம், இது என்னுடையது இல்லை, எனக்கு லூப்பிலிருந்து புரியலை" என்று சொல்கிற பிள்ளைக்கும் மறுபடி எழுத வேண்டிவரும். ஆனால் அந்தப் பிள்ளையோடு நாங்களும் உட்காருவோம்.

சீனியர்கள் பின்வரிசையில் நிற்கிறீர்கள், உங்களுக்கும் ஒரு சொல். ஜூனியர் கேட்டால் கீபோர்டைப் பிடுங்காதீர்கள். "தள்ளு, நான் பண்றேன்" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுப்பது உதவி மாதிரித் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு சொல்லிக்கொடுங்கள், கஷ்டம்தான். தெரியாவிட்டால் எனக்கும் தெரியலை என்று சொல்லுங்கள். அதை உங்கள் வாயால் கேட்டால் ஜூனியருக்குப் பெரிய ஆறுதல்.

பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை போன் பண்ணும்போது "பாடம் நல்லாப் புரியுதா?" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லாப் பிள்ளையும் ஒரே பதில்தான் சொல்லும். "இந்த வாரம் யார்கிட்ட என்ன கேட்டே?" என்று கேளுங்கள்.

சரி, நடைமுறை. டே ஸ்காலர்கள் சாயங்காலம் நிற்க முடியாது, திருமங்கலம், மேலூர் பஸ்ஸெல்லாம் 4:45-க்குக் கிளம்பிவிடும். அதனால் சந்தேக நேரத்தை மதிய இடைவேளையில் வைத்திருக்கிறோம். செவ்வாய், வியாழன், 1 மணி, இரண்டாம் லேப். சாப்பாட்டு டப்பாவை வெளியே வைத்துவிட்டு வாருங்கள், போன வருடம் கீபோர்டில் சாம்பார் கொட்டியது. ஹாஸ்டல் பிள்ளைகள் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்கலாம். திரையைச் சாய்வாக போட்டோ எடுத்துப் போடாமல் புரோகிராமை எழுத்தாகவே போடுங்கள். இரவு பத்துக்கு மேல் நான் பதில் சொல்ல மாட்டேன்.

நாளை காலை 9:30-க்கு லேப். எல்லாரும் நாற்பது பக்க நோட்டு ஒன்று தனியாகக் கொண்டுவாருங்கள். முதல் பக்கத்தில், கம்ப்யூட்டரைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்றை எழுதி வாருங்கள். ஸ்விட்ச் எங்கே என்று தெரியாவிட்டாலும் அதையே எழுதலாம். பெற்றோருக்கு காபி பின்பக்க வராந்தாவில் இருக்கிறது. நாலரை பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது, நிதானமாகக் குடியுங்கள். நன்றி, வணக்கம்.