வலிகாமம் கிணற்றுநீர்க் கட்டுரை: மீளாய்வாளர் கருத்துகளுக்கான பதில்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதிக் கிணற்றுநீரில் நைத்திரேற்று மாசு பற்றிய எமது கட்டுரையின் முறையியல் குறைகளைப் பொறுமையுடன் சுட்டிக்காட்டிய இரு மீளாய்வாளர்களுக்கும் நன்றி.

முதலாம் மீளாய்வாளர், கருத்து 1: கிணறுகள் எழுமாறாகத் தெரியப்படவில்லை என்பது சரியே. உரிமையாளர்கள் அனுமதித்த 36 கிணறுகளையே எடுத்தோம்; ஆகவே "வலிகாமம் முழுவதும்" என்ற கூற்றை நீக்கியுள்ளோம்.

கருத்து 2: ஒரு பருவ மாதிரி போதாது என்பதே எம்மை அதிகம் சிந்திக்கவைத்தது. குடாநாட்டின் நிலத்தடி நீர் பெரும்பாலும் மாரி மழையாலேயே மீள்நிரம்புவதாலும், வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல்லினூடாகத் தோட்டப் பசளை விரைவில் கீழிறங்கக்கூடியதாலும், ஓகஸ்ட் மாத அளவீட்டை மட்டும் வைத்து ஆண்டு முழுமைக்கும் பேச முடியாது. எனவே அதே கிணறுகளில் ஜனவரியில் மீண்டும் மாதிரி எடுத்து, இரு பருவங்களையும் சோடிகளாக ஒப்பிட்டுள்ளோம். 9 கிணறுகளில் மாரிக்குப் பின்னர் நைத்திரேற்று கூடியிருந்ததை நாம் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாம் மீளாய்வாளர், கருத்து 1: உலக சுகாதார தாபனத்தின் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற வழிகாட்டி அளவு நைத்திரேற்று அயனுக்குரியது, எமது அட்டவணை 3 அளவீடுகளை நைதரசனாகத் தந்திருந்ததால் இரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது. தவறு எம்முடையது, திருத்தியுள்ளோம்.

கருத்து 2: மாசின் மூலத்தைச் சமதானிப் பகுப்பாய்வால் நிறுவுமாறு கேட்டுள்ளீர்கள். அவ்வசதி எமக்கு இல்லாமையால் இதனைப் பணிவுடன் தவிர்க்கின்றோம். பதிலாக, பசளையே காரணம் என்ற வாக்கியத்தை, மலசலகூடக் குழிகளின் பங்கையும் மறுக்க இயலாது எனத் தணித்துள்ளோம்.

இங்ஙனம்,
கட்டுரையாசிரியர்,
யாழ்ப்பாணம்.