பிரபா அண்ணாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து

அன்பும் மதிப்பும் உடைய பிரபா அண்ணாவுக்கு,

இன்று, பெப்ரவரி 8 ஆம் திகதி, உங்களுக்கு 45 வயது நிறைகிறது என்று சுகந்தி நேற்றிரவு சொன்னாள். என் மனமார்ந்த பிறந்தநாள் வாழ்த்துகளை ஏற்றுக்கொள்ளுங்கள். நாம் இருவரும் நேரில் பேசியது மிகக் குறைவு. உங்கள் கல்யாண வீட்டிலும், சின்னவளின் காதுகுத்திலும், கொக்கட்டிச்சோலைத் தேர்த் திருவிழாவில் ஓரிரு தடவையும் சுகம் விசாரித்ததோடு சரி. ஆனாலும், வந்தாறுமூலை விடுதியில் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்த சிநேகிதி வாரம் தவறாமல் சொல்லும் கதைகளில் உங்களைக் கேட்டுக் கேட்டு, நன்கு பழகிய ஒருவருக்கு எழுதுவது போலவே இதை எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் கேட்ட கதை மண்முனைத் துறையைப் பற்றியது. 2014 இல் பாலம் திறப்பதற்கு முந்திய அந்தக் காலத்தில், ஆரையம்பதியிலிருந்து காலையில் படகுப்பாதை ஏறி ஆற்றைக் கடந்து படுவான்கரைப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கப் போனீர்கள் என்றும், பாதை பிந்திய நாட்களில் முதல் பாடம் தவறிப்போனால் பாடசாலை விட்ட பிறகு பிள்ளைகளை இருத்தி அந்தப் பாடத்தை முடித்துவிட்டுத்தான் துறைக்குத் திரும்புவீர்கள் என்றும் அவள் சொன்னாள். அப்போது உங்களுக்கும் சுகந்திக்கும் கல்யாணம் பேசியிருந்தார்கள். "எப்படிப்பட்டவர்?" என்று நான் கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன பதில் அது மட்டும்தான்.

நம் மட்டக்களப்பு வழக்கப்படி நீங்கள் பெண் வீட்டுக்கு வந்து குடியிருந்தவர். வேறு ஊரில், மாமியின் வீட்டில், தனக்குப் பழக்கமில்லாத வேளாண்மையைப் பொறுப்பெடுத்துச் செய்வது எந்த ஆணுக்கும் இலகுவானதல்ல என்பது என் எண்ணம். மழை வெள்ளத்தில் வட்டை மூழ்கி, முளைத்த பயிர் அழுகி, மறுபடி விதைக்க வேண்டி வந்த வருடத்தில், "என்ர கவலையைவிட அவருக்குத்தான் அந்தக் காணியில கவலை" என்று சுகந்தி சொன்னாள். மாமியின் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்தபோது வேளை தவறாமல் நீங்களே மருந்து விட்டதையும் அவள் சொல்லியிருக்கிறாள். இவற்றை நீங்கள் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை என்பதால், நான் அறிந்திருக்கிறேன் என்பதையாவது நீங்கள் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதற்கு நான் இதுவரை உங்களுக்கு முறையாக நன்றி சொல்லவில்லை. 2022 ஆம் ஆண்டு, பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், என் அம்மா மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் ஒன்பது நாள் இருந்தார். பாண்டிருப்பிலிருந்து யாரும் நினைத்த நேரத்தில் சாப்பாடு கொண்டுவர வழியில்லை. நான் அம்மாவை விட்டு நகரவும் முடியவில்லை. தினமும் காலையில் நீங்கள் சைக்கிளில் அவ்வளவு தூரம் வந்து, வாசலில் நின்று, சுடுநீர்ப் போத்தலில் கஞ்சியைத் தந்து, "சுகந்தி தந்து விட்டவ" என்ற ஒரே வார்த்தையோடு திரும்பினீர்கள். அம்மா வீட்டுக்கு வந்து பல நாட்களுக்குப் பிறகுதான், அந்த வாரம் முழுவதும் சுகந்தி காய்ச்சலில் படுத்திருந்தாள் என்பதும், விடியப்புறம் எழும்பிக் கஞ்சி காய்ச்சியது நீங்கள்தான் என்பதும் எனக்குத் தெரியவந்தது. அம்மா இப்போதும் அந்தக் கஞ்சியின் உள்ளிப் பக்குவத்தைச் சொல்லுவார். அவருடைய ஆசீர்வாதத்தையும் இந்த வாழ்த்தோடு சேர்த்து அனுப்பச் சொன்னார்.

விடுதியில் இருந்த காலத்தில் சுகந்தி எதையும் மனதுக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ளும் பிள்ளை. இப்போது தொலைபேசியில் அவள் வாய்விட்டுச் சிரிப்பதைக் கேட்கும்போது, அவள் சொல்லாமலே எனக்கு விளங்குகிறது அண்ணா. ஒரு சிநேகிதியாக உங்களிடம் நான் கடமைப்பட்டிருப்பது அதற்காகத்தான்.

நீங்கள் நீண்ட ஆயுளோடும் நல்ல சுகத்தோடும் இருக்கவும், இந்தப் பெரும்போகம் வெட்டி முடியும்வரை மழை பொறுத்திருக்கவும், மூத்தவன் இந்த வருடம் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் உங்கள் மனம் நிறையச் சித்தியடையவும் தான்தோன்றீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். இன்றைக்கும் நீங்கள் வட்டையில்தான் நிற்பீர்கள் என்று சுகந்தி சொன்னாள். ஆகவே பின்னேரம் வீடு திரும்பிய பிறகு ஆறுதலாக வாசியுங்கள். வெட்டு முடிந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறோம்.

அன்புடன்,
கோமதி
பாண்டிருப்பு